லிங்க்ட்இன்ல எழுத்தா, போட்டோவா, கெரோசலா, வீடியோவா? ஒரு கன்டெய்னர் கணக்கோட பதில்



வீடியோ சேனல் நடத்துறவங்களே இதைச் சொன்னா கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்றோம். மாச சம்பளத்துல இருக்கிற ஒருத்தர், தன் வேலையைப் பத்தி லிங்க்ட்இன்ல போட ஆரம்பிக்கிறார்னா, அவருக்கு வீடியோ கடைசியா வர வேண்டிய விஷயம். முதல்ல வெறும் எழுத்து. அதுக்கு ஆதாரமா தேவைப்பட்டா ஒரு போட்டோ. நாலு பேர் "இதை எப்படிப் பண்றது"ன்னு கேட்டா கெரோசல். அதுக்கும் மேல ஒரு காரணம் இருந்தாத்தான் வீடியோ.

இந்த வரிசையை ரசனையை வச்சு சொல்லல. செலவையும் பலனையும் கணக்குப் போட்டுத்தான் சொல்றோம். பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இந்த விஷயம் எதுக்குன்னு கேட்டா, லிங்க்ட்இன்ல நீங்க போடுறது உங்க நேரம். அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கு. அது திரும்பி வர்றது அடுத்த வேலையாவோ, அடுத்த சம்பள உயர்வாவோ இருக்கணும். லைக்கா மட்டும் வந்தா அது நஷ்டக் கணக்கு.

முதல்ல நேரத்தோட விலை

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். திருவொற்றியூர்ல ஒரு சிஎஃப்எஸ்ல, அதாவது துறைமுகத்துக்குப் போற, துறைமுகத்துல இருந்து வர்ற கன்டெய்னர்களைக் கையாளுற யார்டுல, டாக்குமென்டேஷன் வேலை பார்க்கிற ஒருத்தர்னு வச்சுக்குவோம். கையில வர்ற சம்பளம் மாசம் 28,000 ரூபாய். 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம். மொத்தம் 208 மணி நேரம். வகுத்துப் பார்த்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 135 ரூபாய்.

இப்ப ஒரு போஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம் போகும்? புதுசா ஆரம்பிக்கிற ஒருத்தருக்கு எங்க மதிப்பீடு இது. நல்லா யோசிச்சு எழுதுற எழுத்து போஸ்ட்டுக்கு முக்கால் மணி நேரம், அதாவது நூறு ரூபாய். அதோட ஒரு போட்டோ சேர்த்தா, தேர்ந்தெடுக்கிறதுக்கும் மறைக்க வேண்டியதை மறைக்கிறதுக்கும் இன்னொரு அரை மணி. எட்டுப் பக்க கெரோசலுக்கு நாலு மணி நேரம், 540 ரூபாய். ஒரு நிமிஷ வீடியோவுக்கு, ஸ்கிரிப்ட், ரீடேக், எடிட்டிங், சப்டைட்டில் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம், 810 ரூபாய். உங்க வேகம் வேறயா இருக்கலாம். ஒரு தடவை கடிகாரம் வச்சுப் பார்த்துட்டு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

ஒரு வாரத்துக்கு இது பெரிய வித்தியாசமாத் தெரியாது. ஒரு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. வாரம் ஒரு வீடியோன்னா 52 × 6 = 312 மணி நேரம். அது ஒன்றரை மாச வேலை, 42,000 ரூபாய் மதிப்பு. வாரம் ஒரு எழுத்து போஸ்ட்டுன்னா 39 மணி நேரம், சுமார் 5,250 ரூபாய். அதனால வீடியோ எழுத்தை விட எட்டு மடங்கு பலன் தரணும். தருமாங்கிறதுதான் கேள்வி.

"கெரோசலுக்குத்தான் ரீச்"னு சொல்றாங்களே?

எந்த ஃபார்மேட்டுக்கு அதிக எங்கேஜ்மென்ட்னு பட்டியல் போடுற ரிப்போர்ட்டுகள் நிறைய சுத்துது. பெரும்பாலும் கெரோசல்தான் முன்னாடி நிக்கும். அதை நம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, எங்கேஜ்மென்ட் ரேட்ங்கிற கணக்குல லைக், கமென்ட், ஷேரோட க்ளிக்கும் சேருது. பக்கம் புரட்டுறதையும் க்ளிக்கா எண்ணினா, எட்டுப் பக்கம் புரட்டின ஒரே ஆள் ஏழு க்ளிக். எழுத்து போஸ்ட்டை முழுசா, ரெண்டு தடவை படிச்ச ஆள் "see more" மேல தட்டினது ஒரே க்ளிக். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா கெரோசல் ஜெயிக்காம வேற என்ன பண்ணும்?

ரெண்டாவது, இந்த ரிப்போர்ட்டுகள்ல பெரும்பாலும் இருக்கிறது கம்பெனிப் பக்கங்களும் முழுநேரமா போஸ்ட் போடுறவங்களும். அவங்க கெரோசலுக்கு அதிக உழைப்பு போடுறாங்க, நல்ல விஷயத்தை அதுக்குத்தான் ஒதுக்குறாங்க. பலன் ஃபார்மேட்டால வந்ததா, விஷயத்தால வந்ததான்னு அந்த எண்ணை வச்சுப் பிரிக்க முடியாது.

லிங்க்ட்இன் தரப்புல இருந்தே வெளியான ஒரு தகவல் இதை விட உபயோகம். 2020-ல அவங்க என்ஜினியரிங் பிளாக்ல, ஒரு போஸ்ட் மேல படிக்கிறவர் எவ்வளவு நேரம் நிக்கிறார்ங்கிறதையும் ஃபீட் வரிசைக்குக் கணக்குல எடுக்கிறதா எழுதினாங்க. டுவெல் டைம்னு பேரு. காரணம் எளிமையானது. நிறைய பேர் படிப்பாங்க, ஆனா லைக் போட மாட்டாங்க. சில பேர் க்ளிக் பண்ணிட்டு உடனே திரும்பிடுவாங்க. நின்ன நேரம் ரெண்டையும் காட்டிக் கொடுத்துடும். அப்ப உங்க வேலை, படிக்கிறவரை நிக்க வைக்கிற விஷயத்தைக் கொடுக்கிறது. அதை எந்த ஃபார்மேட்ல கொடுக்கிறதுன்னு அந்த விஷயமே சொல்லிடும். எப்படின்னு பார்ப்போம்.

ஒரே விஷயம், நாலு வடிவம்

நம்ம யார்டு நண்பருக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எடுப்போம்: விஜிஎம். ஏற்றுமதி ஆகுற ஒவ்வொரு கன்டெய்னருக்கும், சரக்கு ஏத்தின பிறகு சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்கணும். சோலஸ்ங்கிற சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல 2016 ஜூலை 1 முதல் இது கட்டாயம். அந்த எடை இல்லாம கன்டெய்னரைக் கப்பல்ல ஏத்தக் கூடாது. தப்பான எடையை நம்பி அடுக்கினா அடுக்கு சரியும், கப்பலோட சமநிலையே கெடும்.

எடையைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி. முதல் வழி, சரக்கு ஏத்தி சீல் வச்ச கன்டெய்னரை எடைமேடையில போடுறது. லாரியோட சேர்த்து எடை போட்டா லாரி எடையையும் டீசல் எடையையும் கழிக்கணும். ரெண்டாவது வழி, உள்ள போற எல்லாத்தோட எடையையும் கூட்டி, கதவுல எழுதியிருக்கிற காலிக் கன்டெய்னர் எடையையும் சேர்க்கிறது.

ரெண்டாவது வழியிலதான் ஆளுங்க வழுக்கி விழுவாங்க. பெட்டியோட சேர்த்து சரக்கு 18,400 கிலோ. காலிக் கன்டெய்னர் 2,230 கிலோ. கூட்டினா 20,630. ஆனா சரக்கு ஆடாம இருக்க வச்ச பேலட், மரக்கட்டை, கயிறு எல்லாம் 620 கிலோ. அதை யாரும் சேர்க்கல. உண்மையான எடை 21,250. எடைமேடையில இது தெரிஞ்சா திருத்தின எடையைக் கொடுக்கிற வரைக்கும் கன்டெய்னர் நிக்கும். கட்-ஆஃப் நேரம் தாண்டிட்டா அந்தக் கப்பல் போயிடும், அடுத்த கப்பல் வரைக்கும் வாடகை ஓடும்.

இது எழுத்து போஸ்ட்டா வந்தா எப்படி இருக்கும்? ஆரம்பம் இப்படி: "கணக்குல 20,630 கிலோ. எடைமேடையில 21,250 கிலோ. நடுவுல 620 கிலோ எங்க இருந்து வந்தது?" அவ்வளவுதான். மொபைல்ல முதல் ரெண்டு மூணு வரிதான் தெரியும், மீதி "see more"க்குப் பின்னாடி போயிடும். கேள்வி அந்த வரிகளுக்குள்ள முடிஞ்சிடணும். அதுக்குக் கீழ நூத்தம்பது வார்த்தையில பேலட் கதையைச் சொல்லிடலாம். இதுல படம் எதுவும் தேவையில்லை. ஒரு தப்பு, அதோட காரணம், அதைப் பிடிச்ச விதம். இது மூணும் எழுத்துலதான் நல்லா உக்காரும். வேலைக்கு ஆள் எடுக்கிற ஒரு மேனேஜர் இதைப் படிச்சா, "இவனுக்கு வேலை தெரியும்"னு முடிவு பண்ண முப்பது செகண்ட் போதும்.

எழுத்து போஸ்ட்டுக்கு 3,000 கேரக்டர் வரம்பு இருக்கு. தமிழ்ல எழுதுறவங்க இதைக் கவனிக்கணும். "தமிழ்"ங்கிற வார்த்தை நமக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டருக்கு அஞ்சு. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். அதனால இடம் நீங்க நினைக்கிறதை விட சீக்கிரம் தீர்ந்துடும்.

போட்டோ: ஆதாரமா இருந்தா மட்டும்

அதே விஷயத்துக்கு ஒரு போட்டோ எப்ப உதவும்? கன்டெய்னர் கதவுல மேக்ஸ் கிராஸ், டேர், நெட்னு வரிசையா பெயின்ட்ல எழுதியிருக்கும். 20 அடி கன்டெய்னர்ல மேக்ஸ் கிராஸ் 30,480 கிலோன்னு இருக்கிறது வழக்கம். டேர்தான் நாம சேர்க்க வேண்டிய காலி எடை. இதைப் பார்க்காதவங்களுக்கு எழுத்துல விளக்குறது கஷ்டம், ஒரு போட்டோ போட்டா வேலை முடிஞ்சது. ஒரே பார்வையில புரியுற பொருள் இருந்தா போட்டோ. கோட்டு போட்ட செல்ஃபியும், மேகத்துக்கு மேல எழுதின பொன்மொழியும் எதுக்கும் ஆதாரம் கிடையாது.

ஆனா நம்ம ஏரியாவுல போட்டோவுல ஒரு ஆபத்து இருக்கு. அதே கதவுல நாலு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த கன்டெய்னர் நம்பர் இருக்கும். அந்த நம்பரை ஷிப்பிங் லைன் வெப்சைட்ல போட்டா கன்டெய்னர் எங்க இருக்கு, எங்க போகுதுன்னு யாரும் பார்க்கலாம். கஸ்டமரோட சரக்கு விவரத்தை நீங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். சீல் நம்பர், லாரி நம்பர், பின்னாடி நிக்கிறவர் ஐடி கார்டு எல்லாத்துக்கும் இது பொருந்தும். மறைக்கும்போது மங்கலாக்கினா போதாது. அந்த இடத்தையே வெட்டி எடுத்துடுங்க, இல்லைன்னா முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தைப் போடுங்க.

துறைமுகத்துக்குள்ள அனுமதி இல்லாம போட்டோ எடுக்கவே கூடாது. சென்னைத் துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையோட காவல்ல இருக்கிற இடம். எண்ணூர், மணலி பக்கம் நிறைய ஆலைகள்ல கேட்லயே போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அங்க வேலை பார்க்கிறவங்க வெள்ளைப் பேப்பர்ல கையால ஒரு படம் வரைஞ்சு அதை போட்டோ எடுத்துப் போடலாம். பல சமயம் நிஜ போட்டோவை விட அது தெளிவா இருக்கும், வேலைக்கும் ஆபத்து இல்லை. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல ரகசியக் காப்பு பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் படிச்சுடுங்க. ஒரு போஸ்ட்டுக்காக மெமோ வாங்குறது எந்தக் கணக்குலயும் லாபம் ஆகாது.

கெரோசல்: திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயத்துக்கு

லிங்க்ட்இன்ல கெரோசலுக்குன்னே 2022-ல ஒரு தனி வசதி வந்துச்சு. 2023 ஜூன்ல அதை எடுத்துட்டாங்க. இப்ப நாம கெரோசல்னு சொல்றது, பிடிஎஃப் ஃபைலை டாக்குமென்ட்டா ஏத்துறதைத்தான். அது பக்கம் பக்கமா புரளும்.

எழுத்து போஸ்ட்டுக்குக் கீழ "பேலட் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க", "லாரி எடையை எப்படிக் கழிக்கிறது"ன்னு கேள்வி வந்தா, அப்பதான் கெரோசலுக்கு நேரம். முதல் பக்கம் அதே 620 கிலோ கேள்வி. அடுத்து ரெண்டு வழிகளுக்கு ஒவ்வொரு பக்கம். அப்புறம் கூட்டல் கணக்கு ஒரு வரிக்கு ஒரு பக்கம்: சரக்கு 18,400, பேலட்டும் மரமும் 620, டேர் 2,230, மொத்தம் 21,250. கடைசிப் பக்கம், அனுப்புறதுக்கு முன்னாடி சரிபார்க்க நாலு கேள்வி. புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் இதை சேவ் பண்ணி வச்சுக்கிட்டு, அடுத்த மாசம் திரும்ப எடுத்துப் பார்ப்பார். கெரோசலுக்கு இதுதான் சோதனை: யாராவது இதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாங்களா? அறிவுரையை எட்டாப் பிரிச்சு எட்டுக் கலர்ல போட்டா யாரும் திரும்பப் பார்க்க மாட்டாங்க.

சொதப்புற இடம் மூணு. முதல் விஷயம் எழுத்து அளவு. லேப்டாப்ல அழகாத் தெரியுறது மொபைல்ல எறும்பு மாதிரி இருக்கும். போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பிடிஎஃப்பை வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடிச்சு, பெரிசாக்காமப் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது, போஸ்ட் ஆன பிறகு மேல இருக்கிற எழுத்தைத் திருத்தலாம், உள்ள இருக்கிற டாக்குமென்ட்டை மாத்த முடியாது. கணக்குல ஒரு பூஜ்யம் தப்பினா டெலீட் பண்ணிட்டு முதல்ல இருந்து ஏத்தணும். மூணாவது, ஆபீஸ் லேப்டாப்ல செஞ்ச பிடிஎஃப்போட ப்ராபர்ட்டீஸ்ல உங்க பேரும் கம்பெனி பேரும் உக்காந்திருக்கலாம். ஆபீஸ் டெம்ப்ளேட்டையோ, நிஜமான பேக்கிங் லிஸ்ட்டையோ எடுத்து அப்படியே போடவே போடாதீங்க. எண்களைக் கற்பனையா வச்சு சொந்த மெஷின்ல புதுசா செய்யுங்க.

வீடியோ: அசைவோ குரலோ தேவைப்பட்டா

விஜிஎம் கணக்கை வீடியோவா எடுத்தா என்ன ஆகும்? ஒருத்தர் கேமராவைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கிட்டு இருப்பார். பார்க்கிறவர் 620-ஐ நினைவுல வச்சுக்கிட்டு 2,230-ஐக் கேட்கணும். திரும்பப் பார்க்கணும்னா பின்னாடி தள்ளித் தேடணும். படிக்க முப்பது செகண்ட் ஆகுற விஷயத்துக்கு ரெண்டு நிமிஷம்.

அதோட ஃபீட்ல வீடியோ சத்தம் இல்லாமத்தான் ஓட ஆரம்பிக்கும். விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி நின்னுக்கிட்டே போற ஒருத்தர் இயர்போனைத் தேடி எடுத்துக் காதுல மாட்டணும்னா அதுக்கு வலுவான காரணம் வேணும். சப்டைட்டில் கட்டாயம். சப்டைட்டிலை மட்டும் படிச்சே எல்லாம் புரிஞ்சுடுதுன்னா, அதை எழுத்தாவே போட்டிருக்கலாம்.

அப்ப வீடியோ யாருக்கு? அசைவுதான் விஷயம்னா வீடியோ. ட்விஸ்ட் லாக் சரியா விழுந்துச்சா, ஒரு மெஷின் எந்த இடத்துல தட்டுது, எக்ஸெல்ல எந்த வரிசையில க்ளிக் பண்ணணும். இதை எல்லாம் எழுத்துல சொல்லப் போனா சிக்கலாயிடும். அப்புறம், உங்க பேச்சுதான் உங்க வேலைன்னா வீடியோ. டிரெய்னிங், சேல்ஸ், கஸ்டமர் முன்னாடி நிக்கிற வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்கு, ஒரு நிமிஷம் தெளிவாப் பேசிக் காட்டுறது ரெஸ்யூமே செய்யாததைச் செய்யும். அவங்களுக்கு அந்த 810 ரூபாய் முதலீடு. டாக்குமென்டேஷன்ல இருந்து சீனியர் டாக்குமென்டேஷனுக்குப் போக நினைக்கிறவருக்கு அது செலவு.

பலன் வருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இம்ப்ரெஷன் எண்ணைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. போஸ்ட் அனலிட்டிக்ஸ்ல, பார்த்தவங்களோட வேலைப் பதவி, கம்பெனி, ஊர் எல்லாம் தொகுப்பாக் காட்டும். நம்ம நண்பரோட போஸ்ட்டை 5,000 பேர் பார்த்து, அதுல பெரும்பகுதி காலேஜ் மாணவர்களா இருந்தா சந்தோஷம்தான், ஆனா வேலை வராது. 400 பேர் பார்த்து, அதுல ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங், ஷிப்பிங் லைன், ஏற்றுமதி கம்பெனி மேனேஜர்கள் இருந்தா அந்த ஃபார்மேட் வேலை செய்யுது. அதே வாரம் உங்க ப்ரொஃபைலைப் பார்த்தவங்க யாரு, கமென்ட்ல "சூப்பர்"ங்கிறதைத் தாண்டி வேலை பத்தின கேள்வி வந்துச்சா. இது மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க, பக்கத்துல செலவான மணி நேரத்தையும் எழுதுங்க.

பத்து எழுத்து போஸ்ட் போட்ட பிறகு இந்த நோட்டைத் திறங்க. அதிகமா கேள்வி வந்த ரெண்டை மட்டும் கெரோசலா மாத்துங்க. மீதி எட்டையும் அப்படியே விட்டுடுங்க. பத்து போஸ்ட்டுக்கு ஏழரை மணி நேரம், ரெண்டு கெரோசலுக்கு எட்டு மணி நேரம். மொத்தம் பதினஞ்சரை மணி நேரம், சுமார் 2,100 ரூபாய். கேள்வியே வராத விஷயத்துக்கு கெரோசல் செய்யாததால மிச்சமான நேரம் இதுக்கு வெளிய.

இந்த நோட்டு இல்லாம "ரீச் கூட்டுறது எப்படி"ன்னு ஆயிரக்கணக்குல பணம் கட்டி கோர்ஸ் சேராதீங்க, டிசைன் ஆப்புக்கு மாச சந்தா கட்டாதீங்க. உங்களுக்கு எந்த ஃபார்மேட் வேணும்ங்கிறது அந்த கோர்ஸ்ல இருக்காது. 620 கிலோ மாதிரி உங்க வேலையில நீங்க மட்டும் கவனிச்ச விஷயம் என்னங்கிறதுல இருக்கு. அதை முதல்ல நூத்தம்பது வார்த்தையில எழுதிப் பாருங்க. எழுத்துல நிக்காத விஷயம், பின்னணி இசை போட்டாலும் நிக்காது.